முடிவு வராத பட்டமும் பயோடேட்டாவைப் படிக்கும் மென்பொருளும்

மே மாதக் கடைசியிலிருந்து ஜூலை வரை, பொறியியல் படித்தவர்களில் பெரிய கூட்டம் ஒன்று மாணவர் என்றும் சொல்ல முடியாத, பட்டதாரி என்றும் சொல்ல முடியாத நிலையில் இருக்கிறது. கடைசி செமஸ்டர் முடிந்துவிட்டது. ப்ராஜெக்ட் வைவாவும் கொடுத்தாகிவிட்டது. விடுதியைக் காலி செய்து வீட்டுக்கும் வந்தாகிவிட்டது. பல்கலைக்கழகம் மட்டும் இன்னும் முடிவை அறிவிக்கவில்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட், தேர்வாய்கண்டிகை ஆலைகளின் ஆள்தேடல் அறிவிப்புகள் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கும் காலமும் அதுதான். “மெக்கானிக்கல், இ.இ.இ., இந்த வருடம் பாஸ் ஆனவர்கள் வரலாம்” என்கிறது அறிவிப்பு. இந்த வருடம் படிப்பை முடித்து, பாஸ் ஆனாரா என்று இன்னும் தெரியாதவர் என்ன செய்வது?

சின்ன ஆலை என்றால் சிக்கல் சீக்கிரம் தீர்ந்துவிடும். கேட்டில் பயோடேட்டாவைக் கொடுத்து, எச்.ஆர். அறையில் உட்கார்ந்து, “சார், ரிசல்ட் வர இன்னும் மூணு வாரம் ஆகும்” என்று நேரில் சொல்லிவிடலாம். பெரிய நிறுவனங்களில் அந்தப் பேச்சுக்கு முன்னால் ஒரு போர்ட்டல் நிற்கிறது. பயோடேட்டாவை அதில் ஏற்றியதும் ஒரு மென்பொருள் அதைப் படித்து, பெயர், ஊர், படிப்பு, ஆண்டு, மதிப்பெண் என்று பிரித்துப் பெட்டிகளில் போடுகிறது. எச்.ஆர். முதலில் பார்ப்பது அந்தப் பெட்டிகளை. மூலக் கோப்பைத் திறப்பது அதற்குப் பிறகுதான். பல நேரம் திறக்கப்படுவதே இல்லை.

படித்துக்கொண்டிருக்கும் பட்டம், முடிவுக்குக் காத்திருக்கும் பட்டம் ஆகிய இரண்டும் அதிகமாகத் தடுக்கிவிழும் இடம் இந்தப் பெட்டிகள்தான்.

ஒரு அட்டவணை உடையும் விதம்

பொன்னேரிப் பக்கத்து இளைஞர் ஒருவரை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். 2020இல் பத்தாம் வகுப்பு. 2023இல் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ, 82 சதவீதம். பிறகு லேட்டரல் என்ட்ரியில் நேரடியாக இரண்டாம் ஆண்டு பி.இ.; அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரி. 2026 மே மாதத்தில் படிப்பு முடிகிறது. கல்லூரியில் சீனியர்கள் கொடுத்த மாதிரியை வைத்துப் பயோடேட்டா செய்கிறார். தமிழ்நாட்டில் அந்த மாதிரியில் கட்டாயம் ஓர் அட்டவணை இருக்கும்: படிப்பு, நிறுவனம், தேர்ச்சி ஆண்டு, சதவீதம். பி.இ. வரிசையின் கடைசிக் கட்டத்தில் மதிப்பெண் போட வழியில்லாததால் `Results Awaited` என்று எழுதுகிறார். கட்டம் குறுகலானது. அதனால் `Results` ஒரு வரியிலும் `Awaited` அடுத்த வரியிலும் விழுகின்றன. திரையில் பார்க்க அழகாகவே இருக்கிறது.

பி.டி.எஃப். கோப்பாக மாற்றியதும் அந்த அட்டவணை காணாமல் போகிறது. கோடுகள் தெரிகின்றனவே என்று தோன்றும். ஆனால் சாதாரணமாகச் சேமித்த பி.டி.எஃப். கோப்புக்குள் “இது ஒரு கட்டம், இதற்குள் இந்தச் சொல்” என்ற தகவல் பெரும்பாலும் இருப்பதில்லை. தாளின் இடது ஓரத்திலிருந்து இவ்வளவு தூரம், கீழிருந்து இவ்வளவு உயரம், அங்கே இந்த எழுத்துகளை வரை என்ற கட்டளைகள்தான் இருக்கின்றன. கோடுகளும் வெறும் கோடுகளாகவே வரையப்படுகின்றன. மென்பொருள் முதலில் செய்யும் வேலை, இந்தச் சிதறிய எழுத்துகளை உயரத்தை வைத்து வரிகளாகக் கோப்பது. ஒரே உயரத்தில் இருப்பவை ஒரு வரி; சற்றுக் கீழே இருப்பவை அடுத்த வரி.

நம் இளைஞரின் அட்டவணையில் பி.இ. வரிசையின் மற்றக் கட்டங்களில் எழுத்து நடுவில் நிற்கிறது. இரண்டு வரியாக மடிந்த கடைசிக் கட்டத்தில் மட்டும் ஒரு சொல் அதற்குச் சற்று மேலேயும் இன்னொன்று சற்றுக் கீழேயும் இருக்கின்றன. உயரத்தின்படி கோத்தால் இப்படி வரும்:

```
Results
B.E. Mechanical   Anna University   2026
Awaited
Diploma Mechanical   DOTE   2023   82%
SSLC   State Board   2020   79%
```

இதை மட்டும் பார்ப்பவருக்கு என்ன புரியும்? 2026இல் பி.இ. முடிந்துவிட்டது. டிப்ளமோவின் தலைமேல் `Awaited` உட்கார்ந்திருக்கிறது. அடுத்த கட்டமாக மென்பொருள் எது பட்டம், எது நிறுவனம், எது தேதி என்று அடையாளம் காணும்போது, அந்தத் தனிச்சொல்லை மேல் வரியோடு சேர்க்கலாம், கீழ் வரியோடு சேர்க்கலாம், பொருந்தாத சொல் என்று தூக்கியும் போட்டுவிடலாம். கீழ் வரியோடு சேர்த்தால் மூன்று ஆண்டுகளுக்கு முன்பே கையில் சான்றிதழ் வாங்கிய டிப்ளமோ “முடிவு வராதது” ஆகிவிடும். தூக்கிப் போட்டால் முடிவு வராத பி.இ. “முடித்தது” ஆகிவிடும். இளைஞர் எழுதியதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. இருந்தும் பெட்டியில் விழுந்த தகவல் தவறானது.

பக்கத்தைப் படமாகவே பார்த்து, கோடுகளையும் இடைவெளிகளையும் வைத்து அட்டவணையை மீட்டெடுக்கும் புதிய மென்பொருள்கள் இப்போது வந்துள்ளன. அவை இந்த மாதிரித் தவறுகளைக் குறைவாகச் செய்கின்றன. ஆனால் தான் விண்ணப்பிக்கும் நிறுவனத்தின் போர்ட்டலுக்குப் பின்னால் இருப்பது பழையதா புதியதா என்று விண்ணப்பதாரருக்குத் தெரிய வழியில்லை.

தேதி இருக்கிறது, நிலைமை இல்லை

அட்டவணையே இல்லாமல் நேர்வரியாக எழுதினாலும் இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது. பயோடேட்டாவிலிருந்து பிரித்த தகவலை வைத்துக்கொள்ள மென்பொருளுக்கு ஒரு வடிவம் வேண்டும். எல்லோரும் பயன்படுத்தும்படி திறந்து வைக்கப்பட்டுள்ள ஜேசன் ரெஸ்யூம் என்ற வடிவத்தில், படிப்புக்கான பகுதியில் நம் இளைஞரின் பி.இ. இப்படி உட்காரும்:

```
"institution": "Anna University",
"area": "Mechanical Engineering",
"studyType": "B.E.",
"startDate": "2023-08",
"endDate": "2026-05"
```

இந்த வடிவத்தில் தொடக்கத் தேதிக்கும் முடிவுத் தேதிக்கும் இடம் உண்டு. பட்டம் கிடைத்ததா, தேர்வு முடிவு வந்ததா என்று குறிக்கத் தனி இடம் கிடையாது. `Expected` என்று எழுதியிருந்தால் அந்தச் சொல் உதிர்ந்து, மாதமும் ஆண்டும் மட்டும் உள்ளே போகும்.

இதனால் மென்பொருள் ஊகிக்கத் தொடங்குகிறது. முடிவுத் தேதி இன்றைக்குப் பிந்தியதாக இருந்தால், இவர் இன்னும் படிக்கிறார். முந்தியதாக இருந்தால், முடித்துவிட்டார். முடிவுத் தேதியே இல்லையென்றால், படிப்பு தொடர்கிறது. தேதியை மட்டும் நம்பும் எந்த மென்பொருளும் இப்படித்தான் முடிவெடுத்தாக வேண்டும்.

இந்த ஊகத்தின் விளைவைக் காலண்டரோடு வைத்துப் பார்க்க வேண்டும். ஏப்ரல் 10 அன்று நம் இளைஞர் போர்ட்டலில் விண்ணப்பிக்கிறார். மென்பொருள் கணக்கில் அவர் மாணவர், சரிதான். ஜூன் 10 அன்று எச்.ஆர். அதே பதிவைத் தேடலில் எடுக்கிறார். கோப்பில் ஓர் எழுத்தும் மாறவில்லை. ஆனால் மே மாதம் கடந்துவிட்டதால் மென்பொருள் அவரைப் பட்டதாரி வரிசையில் காட்டுகிறது. அந்த நாளில் அவருக்கு முடிவு வந்திருக்காமல் இருக்கலாம். வந்து, ஒரு தாளில் அரியரும் விழுந்திருக்கலாம். ஏப்ரலில் உண்மையாக இருந்த ஒரு வரி, யாரும் தொடாமலேயே ஜூனில் தவறாகிவிடுகிறது.

இந்த இடைவெளியை அடைக்கச் சில மென்பொருள்கள் முயன்றிருக்கின்றன. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோ நிறுவனத்தின் ஆள்சேர்ப்பு மென்பொருளில் படிப்பு விவரத்தோடு `Currently pursuing` என்று டிக் செய்யும் கட்டம் உண்டு. பன்னாட்டு நிறுவனங்கள் பரவலாகப் பயன்படுத்தும் வொர்க்டே படிவத்தில் முடிவு ஆண்டுக் கட்டத்தின் மேல் `To (Actual or Expected)` என்று இருக்கும். எதிர்பார்க்கும் ஆண்டைப் போடுவது அங்கே முறையானதே. நௌக்ரி போன்ற தளங்கள் தேர்ச்சி ஆண்டைக் கேட்கின்றன. ஒன்றில் நிலைமை கேட்கப்படுகிறது, ஒன்றில் எதிர்பார்க்கும் ஆண்டு, ஒன்றில் தேர்ச்சி ஆண்டு. ஒரே மனிதரின் ஒரே படிப்பு மூன்று இடங்களில் மூன்று பொருளில் பதிவாகிறது.

ஆனால் இந்த மூன்றிலும் ஒரு வேறுபாடு சரியாகப் பிடிபடுவதில்லை. ஆறாவது செமஸ்டரில் படித்துக்கொண்டிருப்பவரும், எல்லாம் முடித்து முடிவுக்காக மட்டும் காத்திருப்பவரும், முடிவு வந்து ப்ரொவிஷனல் சான்றிதழுக்காகக் காத்திருப்பவரும் மென்பொருளுக்கு ஒருவரே போலத் தெரியலாம். ஆலைக்கு இவர்கள் மூன்று தனித்தனி ஆட்கள். முதலாமவர் ஒரு வருடத்துக்கு வர முடியாது. இரண்டாமவர் நாளையே வரலாம். பட்டம் மட்டும் உறுதியில்லை. மூன்றாமவருக்குப் பட்டமும் உறுதி, காகிதம்தான் பாக்கி.

ஆம், இல்லை என்ற இரண்டே பதில்

பெட்டிகளுக்கு முன்பே சில போர்ட்டல்களில் வடிகட்டும் கேள்விகள் இருக்கும். `Do you have a Bachelor's degree?` என்று கேட்டு, ஆம், இல்லை என்று இரண்டு பதில்களை மட்டும் தரும். “இல்லை” என்றால் விண்ணப்பத்தைத் தானாக ஒதுக்கிவிடும்படி நிறுவனம் அமைத்திருக்கலாம். இங்கே மென்பொருள் எதையும் ஊகிக்கவில்லை. விதியை எழுதியவர் முடிவுக்குக் காத்திருப்பவரை நினைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். 2021இல் ஹார்வர்டு வணிகப் பள்ளியும் அக்ஸெஞ்சர் நிறுவனமும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வறிக்கையில், தகுதியுள்ள உயர்திறன் விண்ணப்பதாரர்கள்கூட அறிவிப்பின் வரையறையோடு அச்சுப்பிசகாமல் பொருந்தாததால் வடிகட்டப்படுகிறார்கள் என்று 88 சதவீத நிறுவனத்தார் ஒப்புக்கொண்டிருந்தார்கள். அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி நிறுவனங்களிடம் கேட்ட ஆய்வு அது.

அப்படிப்பட்ட கேள்விக்கு “ஆம்” என்று போட்டு உள்ளே நுழைந்துவிடலாம் என்ற ஆசை எழுவது இயல்பு. ஆனால் அது பின்னால் வரும் சான்றிதழ்ச் சரிபார்ப்பில் சிக்கும். வேலையில் சேர்ந்த பிறகு நடக்கும் பின்னணிச் சரிபார்ப்பில், விண்ணப்பத்தில் சொன்ன தேர்ச்சி மாதம், ஆண்டு ஆகியவற்றைச் சான்றிதழில் உள்ளவற்றோடு ஒப்பிடுவார்கள். சான்றிதழ் உண்மையானதுதானா என்று பல்கலைக்கழகத்திடமே கேட்டு உறுதிசெய்யவும் வழி இருக்கிறது. அங்கே பொருந்தாவிட்டால் பிரச்சினை படிப்பைப் பற்றியதாக இருக்காது. விண்ணப்பத்தில் தவறான தகவல் கொடுத்தார் என்பதாகிவிடும். அதனால் உண்மையான பதிலைப் போட்டுவிட்டு, கல்லூரி வேலைவாய்ப்பு அலுவலர் வழியாகவோ நேரடியாகவோ எச்.ஆரிடம் நிலைமையைச் சொல்வதுதான் சரி. தானாக ஒதுக்கப்பட்ட விண்ணப்பத்தையும் மனிதர் நினைத்தால் திரும்ப எடுக்கலாம். பொய்யான “ஆம்” ஒன்றைத் திரும்ப எடுக்க முடியாது.

எச்.ஆர். மேஜையில்

மென்பொருளைத் தாண்டி வந்த பயோடேட்டாவைப் பார்க்கும் மனிதர் வேறு கேள்விகளோடு பார்க்கிறார். ஆலைகளில் புதியவர்களை எடுக்கும்போது பெரும்பாலும் இரண்டு வரிசைகள் உண்டு. பட்டதாரிப் பயிற்சிப் பொறியாளர், அதாவது ஜி.இ.டி.; டிப்ளமோ பயிற்சிப் பொறியாளர், அதாவது டி.இ.டி. சம்பளம் வேறு, வேலை வேறு, பயிற்சிக்குப் பிறகு போடும் கிரேடும் வேறு. டி.இ.டி. எடுக்கும்போது “டிப்ளமோ மட்டும், பி.இ. வேண்டாம்” என்று சொல்லும் ஆலைகள் உண்டு. பட்டம் வந்ததும் ஆள் கிளம்பிவிடுவார், அல்லது பட்டதாரிக்கான சம்பளம் கேட்பார் என்பது அவர்களின் கவலை.

நம் இளைஞர் இந்த இரண்டு வரிசைக்கும் நடுவில் நிற்கிறார். ஜி.இ.டி.க்கு அவரிடம் பட்டம் இன்னும் இல்லை. டி.இ.டி.க்கு அவரிடம் பட்டம் வரப்போகிறது. பி.இ.யை மறைத்துவிட்டு டிப்ளமோவை மட்டும் காட்டினால் 2023 முதல் 2026 வரை மூன்று ஆண்டுகள் காலியாக நிற்கும். அந்த இடைவெளியைப் பற்றித்தான் நேர்காணலில் முதல் கேள்வியே வரும். மென்பொருளில் அவர் எந்த வரிசையில் விழுகிறார் என்பது பி.இ. வரி எப்படிப் பதிவாகியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. டிப்ளமோ வரி சேதமில்லாமல், தேர்ச்சி ஆண்டோடு தனியாக நின்றால்தான் இரண்டு வரிசையிலும் அவரைத் தேடி எடுக்க முடியும். ஆக, முடிவு வராத பட்டத்தைக் கவனமாக எழுதுவது முடித்த படிப்பைக் காப்பாற்றவும் தேவைப்படுகிறது.

அடுத்து அரியர். தமிழ்நாட்டு எச்.ஆர். எவரும் “ரிசல்ட் வரவில்லை” என்பதைப் படித்தவுடன் மனத்துக்குள் கேட்கும் கேள்வி, “அரியர் இருக்கிறதா?” என்பதுதான். ஐந்தாம் செமஸ்டரில் விழுந்த ஒரு தாளை இந்த ஏப்ரல், மே தேர்வில் திரும்ப எழுதியவருக்கும், எல்லாத் தாளையும் முதல் முறையிலேயே தேறி ப்ராஜெக்ட் முடிவுக்கு மட்டும் காத்திருப்பவருக்கும் பயோடேட்டாவில் அதே இரண்டு சொற்கள்தான் இருக்கின்றன. இரண்டாமவர் தேறாமல் போவது அரிது. முதலாமவர் தேறாவிட்டால் அடுத்த வாய்ப்பு நவம்பர், டிசம்பர் தேர்வில். அதில் தேறினால் அவருடைய தேர்ச்சி மாதமும் அதற்கேற்பத் தள்ளிப்போகும். படிப்பை முடித்த ஆண்டு வேறு, பட்டத்துக்குத் தேறிய மாதம் வேறு என்பது அரியர் வைத்தவர்களுக்கு நன்றாகத் தெரியும். படிவம் கேட்பது பேட்ச் ஆண்டா, தேர்ச்சி ஆண்டா என்று பார்த்து நிரப்ப வேண்டியவர்களும் அவர்கள்தான்.

இங்கே ஒரு சுருக்கெழுத்து செய்யும் தீமையும் உண்டு. இடம் போதாமல் சிலர் `Results Awaited` என்பதை `RA` என்று சுருக்குகிறார்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 விதிமுறைப்படியான மதிப்பெண் பட்டியல்களில் `RA` என்றால் அந்தத் தாளை மறுபடி எழுத வேண்டும் என்று பொருள். அந்தப் பட்டியல்களைப் பார்த்துப் பழகிய எச்.ஆர். கண்ணுக்கு அது அரியர்.

எந்த நாளில் தகுதி?

முடிவுக்குக் காத்திருப்பவரை எப்படி நடத்துவது என்ற கேள்வி மென்பொருளோடு பிறந்ததில்லை. உச்ச நீதிமன்றம் வரை அதைக் கொண்டுபோன வழக்கும் பொறியாளர்களைப் பற்றியதே. 1982இல் ஜம்மு காஷ்மீரில் இளநிலைப் பொறியாளர் பணிக்கு விண்ணப்பம் கேட்டார்கள். கடைசி நாள் ஜூலை 15. பி.இ. சிவில் தேர்வு எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த 33 பேரும் விண்ணப்பித்தார்கள். ஆகஸ்ட் 21 அன்று முடிவு வந்து தேறினார்கள். ஆகஸ்ட் 24 அன்று நேர்காணல் தொடங்கியது. அவர்களும் அழைக்கப்பட்டு, தேர்வும் ஆனார்கள். கடைசி நாளிலேயே பட்டம் வைத்திருந்தவர்கள் இதை எதிர்த்தார்கள்.

அசோக் குமார் சர்மா எதிர் சந்தர் சேகர் என்று அறியப்படும் அந்த வழக்கில், 1993இல் உச்ச நீதிமன்ற அமர்வின் பெரும்பான்மைத் தீர்ப்பு அந்த 33 பேருக்குச் சாதகமாக வந்தது. நேர்காணலுக்கு முன் தேறிவிட்டார்களே, நல்ல ஆட்களை ஏன் விட வேண்டும் என்ற வாதத்துக்கு அதில் இடம் கிடைத்தது. பிறகு மறு ஆய்வில், 1997இல் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் என்று ஒன்று குறிக்கப்பட்டிருந்தால், தகுதியை அந்த நாளை வைத்துத்தான் அளக்க வேண்டும் என்றது.

அதற்கு அந்த அமர்வு சொன்ன காரணம் ஆழமானது. அறிவிப்பு என்பது விண்ணப்பித்தவருக்கு மட்டுமான பேச்சு அல்ல, பொதுமக்கள் அனைவருக்கும் சொல்லப்பட்ட உறுதி. அதே ஜூலையில், அதே தேர்வை எழுதிவிட்டு, “எனக்கு இன்னும் பட்டம் வரவில்லை, விண்ணப்பிக்கத் தகுதி இல்லை” என்று நேர்மையாக ஒதுங்கியவர்கள் எத்தனையோ பேர் இருந்திருக்கலாம். 33 பேரை அனுமதித்தால் அந்த ஒதுங்கியவர்களுக்கு அநீதி. முடிவுக்குக் காத்திருப்பவர்களும் வரலாம் என்றால் அதை அறிவிப்பிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

அரசுப் பணி அறிவிக்கைகளில் தகுதி நாள் குறித்த வரி இவ்வளவு கறாராக இருப்பதற்கு இந்தத் தீர்ப்பும் ஒரு காரணம். டி.என்.பி.எஸ்.சி. அறிவிக்கைகளில் பெரும்பாலும், கல்வித் தகுதியை அறிவிக்கை வெளியான நாளன்றே பெற்றிருக்க வேண்டும் என்று இருக்கும். யு.பி.எஸ்.சி. குடிமைப் பணித் தேர்வில் வேறு வழி: கடைசி ஆண்டுத் தேர்வு எழுதி முடிவுக்குக் காத்திருப்பவரும், எழுதப்போகிறவரும் முதல்நிலைத் தேர்வை எழுதலாம், முதன்மைத் தேர்வுக்கு விண்ணப்பிக்கும்போது தேறியதற்கான சான்று வேண்டும். இரண்டிலும் விதி முன்கூட்டியே, எல்லோருக்கும் தெரியும்படி சொல்லப்பட்டிருக்கிறது.

தனியார் ஆலைகளை இந்தத் தீர்ப்பு கட்டுப்படுத்தாது. அவை முடிவுக்கு முன்பே ஆள் எடுத்து, இத்தனை நாளுக்குள் ப்ரொவிஷனல் சான்றிதழ் தர வேண்டும், அரியர் இருக்கக் கூடாது என்று நிபந்தனை போட்டு வேலைக் கடிதம் தரலாம். கல்லூரி வளாக நேர்காணல் முழுவதும் அந்த அடிப்படையில்தான் நடக்கிறது. ஆனால் தீர்ப்பு சுட்டிய நியாயம் போர்ட்டலுக்கும் பொருந்துகிறது. “இந்த வருடம் பாஸ் ஆனவர்கள்” என்று மட்டும் அறிவித்துவிட்டு, உள்ளே முடிவுக்குக் காத்திருப்பவரையும் சேர்த்துக்கொள்ளும் ஆலை, அறிவிப்பை நம்பி ஒதுங்கியவரை இழக்கிறது. அறிவிப்பில் “முடிவுக்குக் காத்திருப்பவர்களும் விண்ணப்பிக்கலாம், சேரும்போது சான்று வேண்டும்” என்று ஒரு வரி போடவும், போர்ட்டல் கேள்வியில் ஆம், இல்லை இரண்டோடு “முடிவுக்குக் காத்திருக்கிறேன்” என்று மூன்றாவது பதில் ஒன்றைச் சேர்க்கவும் ஆலைக்குச் செலவு ஏதும் இல்லை.

வரியை எழுதும் முறை

விண்ணப்பதாரர் பக்கத்தில் செய்யக்கூடியது என்ன? முதலில் அட்டவணையை விட்டுவிடலாம். ஒவ்வொரு படிப்பையும் தனித்தனிப் பத்தியாக, இடமிருந்து வலமாக, கட்டமே இல்லாமல் எழுதலாம். பிறகு தேதியையும் நிலைமையையும் பிரிக்க வேண்டும். நம் இளைஞரின் பயோடேட்டாவில் அந்தப் பகுதி இப்படி இருந்தால் மென்பொருளுக்கும் மனிதருக்கும் ஒரே பொருள் கிடைக்கும்:

```
B.E. Mechanical Engineering (Lateral Entry)
Anna University, Chennai (affiliated college)
Aug 2023 - May 2026 (Expected)
Status on 10 June 2026: coursework and project viva
completed, final semester results awaited
CGPA 7.6 up to semester 7, no standing arrears

Diploma in Mechanical Engineering, DOTE, Tamil Nadu
Completed April 2023, 82%
```

மாதமும் ஆண்டும் முதலிலேயே தெளிவாக இருப்பதால் தேதிப் பெட்டி சரியாக நிரம்பும். `Expected` உதிர்ந்தாலும், அடுத்த வரியில் நிலைமை முழு வாக்கியமாக இருப்பதால் மூலக் கோப்பைத் திறக்கும் எச்.ஆருக்கு அது கிடைக்கும். `Status on` என்று நாள் குறித்திருப்பதால், ஜூலையில் அதைப் படிப்பவருக்கு இது ஜூன் மாத நிலைமை என்று புரியும். தேதி கடந்துபோனதால் வரி பொய்யாகாது. சி.ஜி.பி.ஏ. எந்த செமஸ்டர் வரை என்று சொன்னால்தான் அது முழுப் படிப்புக்கான எண் என்று யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கடைசி வரியில் டிப்ளமோ தன் சொந்தக் காலில் நிற்கிறது. அரியர் உள்ளவர் `no standing arrears` என்ற சொற்களை எழுதக் கூடாது. `one paper of semester 5 reappeared in April/May 2026` என்று உள்ளதை எழுதினால், எச்.ஆர். கேட்கப்போகும் கேள்விக்கு அது முன்கூட்டியே பதிலாகும். நடுவில் படிப்பை நிறுத்தியவருக்கு `Expected` என்ற சொல் பொருந்தாது. திரும்பச் சேரும் திட்டம் இல்லையென்றால் எத்தனை செமஸ்டர் முடித்தார் என்பதை மட்டும் சொல்வதே நேர்மை.

எழுதியது உடையாமல் போய்ச் சேர்கிறதா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. பி.டி.எஃப். கோப்பைத் திறந்து, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, நகல் எடுத்து, நோட்பேடில் ஒட்டிப் பார்க்க வேண்டும். கோப்பிலிருந்து எழுத்துகள் எந்த வரிசையில் வெளியே வருகின்றன என்று அதில் பெரும்பாலும் தெரிந்துவிடும். எதுவுமே ஒட்டவில்லை என்றால் அந்தக் கோப்பு வெறும் படம். கைபேசியில் ஸ்கேன் செய்த பயோடேட்டாக்கள் இப்படித்தான் இருக்கும். நோட்பேடில் `Awaited` டிப்ளமோவுக்குப் பக்கத்தில் விழுந்திருந்தால் மாற்றி எழுத வேண்டும். இரண்டாவது சோதனையைப் போர்ட்டலே செய்து காட்டுகிறது. பயோடேட்டாவை ஏற்றியதும் படிவத்தைத் தானாக நிரப்பிக் காட்டும் போர்ட்டல்களில், அந்த நிரப்பிய பக்கம்தான் மென்பொருள் என்ன புரிந்துகொண்டது என்பதற்கான சாட்சி. அவசரத்தில் “அடுத்து” என்று அழுத்திக்கொண்டே போகாமல், படிப்புப் பகுதியில் பட்டம், முடிவு மாதம், `Currently pursuing` போன்ற கட்டங்களைக் கையால் திருத்த வேண்டும். கையால் திருத்தியதுதான் பதிவில் நிற்கும்.

முடிவு வந்த பிறகு ஒரு வேலை பாக்கி இருக்கிறது. பலரும் இதை விட்டுவிடுகிறார்கள். பல நிறுவனங்கள் பழைய விண்ணப்பங்களை உடனே அழித்துவிடுவதில்லை. அடுத்த தேவைக்காக வைத்துக்கொண்டு, புதிய பணியிடம் வரும்போது முதலில் அவற்றில் தேடுகின்றன. ஏப்ரலில் “படிக்கிறார்” என்று டிக் செய்த பதிவு, யாரும் எடுக்காவிட்டால் அடுத்த ஆண்டும் “படிக்கிறார்” என்றே இருக்கும். பட்டதாரிகளைத் தேடும் வடிகட்டியில் அவர் வரவே மாட்டார். முடிவு வந்த வாரத்திலேயே ஒவ்வொரு போர்ட்டலிலும், நௌக்ரி, லிங்க்டுஇன் பக்கங்களிலும் அதே மின்னஞ்சல் முகவரியில் நுழைந்து அந்த டிக்கை எடுத்து, உண்மையான தேர்ச்சி மாதத்தைப் போட்டு, புதிய பயோடேட்டாவை ஏற்ற வேண்டும். வேறு மின்னஞ்சலில் புதிதாக விண்ணப்பித்தால் ஒரே ஆளுக்கு இரண்டு பதிவுகள் நிற்கும், ஒன்றில் பட்டதாரியாகவும் மற்றதில் மாணவராகவும். ப்ரொவிஷனல் சான்றிதழ் கைக்கு வரும் வரை, பல்கலைக்கழக இணையதளத்தில் வெளியான முடிவுப் பக்கத்தின் அச்சுப் பிரதியும், கல்லூரி தரும் படிப்பு முடித்த சான்றும் கோப்பில் இருந்தால், சேரும் நாளில் ஆலையின் கேட்டில் கேட்கும் முதல் காகிதத்துக்கு அவை போதும்.